கடித உறையை எறிந்துவிடாதீர்கள்
கல்முனைக் கரையோர வியாபாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மருதமுனை தொடங்கி கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வரை கடை, தறி, அரிசி ஆலை, கட்டட ஒப்பந்தம் என்று தொழில் செய்யும் சகோதர சகோதரிகளுக்கும், அவர்களுடைய கணக்கைப் பொறுப்பெடுத்துப் பார்க்கும் பிள்ளைகளுக்கும்,



இந்த ஊர்களில் கணக்கு எழுதுவதே என் தொழில். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தோடு வருடக்கணக்கில் இழுபடும் விடயங்களோடு என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு ஷொப்பிங் பையோடுதான் வருகிறார்கள். அதற்குள் மதிப்பீட்டு அறிவித்தல் இருக்கும், வங்கிச் சீட்டு இருக்கும், கலியாணக் கார்டும் இருக்கும். எந்தக் கடிதத்துக்கு எது பதில் என்று யாருக்கும் தெரியாது. வரி கூடவா குறையவா என்ற பேச்சு பிறகு. கடிதம் எப்போது வந்தது, நாம் எப்போது பதில் கொடுத்தோம், கொடுத்ததற்கு என்ன அத்தாட்சி என்ற மூன்று கேள்விக்கும் விடை இல்லாததால்தான் பலருடைய விடயம் தொடக்கத்திலேயே பலவீனப்பட்டுப் போகிறது. அதனால் வரிச் சட்டம் முழுவதையும் விட்டுவிட்டு, பைலையும் திகதிக் கொப்பியையும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

திகதி ஏன் இவ்வளவு பெரிய விடயம் என்பதற்கு நம் நாட்டு நீதிமன்றத்திலேயே பழைய உதாரணம் உண்டு. 1978இல் இறைவரிச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. நீங்கள் கொடுத்த வருமான விவரத்திரட்டை மதிப்பீட்டாளர் ஏற்கவில்லை என்றால், ஏன் ஏற்கவில்லை என்ற காரணத்தை எழுத்தில் உங்களுக்கு அறிவிக்க வேண்டும் என்பதுதான் அது. பெர்னாண்டோ எதிர் இஸ்மாயில் என்ற வழக்கில் 1982இல் உயர் நீதிமன்றம் அதற்கு அழுத்தமான விளக்கம் கொடுத்தது. மதிப்பீட்டை அனுப்பும்போதே, அல்லது அதையொட்டிய நேரத்தில், காரணம் போய்ச் சேர வேண்டும். பிறகு ஆறுதலாக அனுப்பினால் அந்தத் திருத்தம் கொண்டுவரப்பட்ட நோக்கமே கெட்டுவிடும் என்று பிரதம நீதியரசர் நெவில் சமரக்கோன் எழுதினார். அந்த வழக்கில் மதிப்பீடு நிலைக்கவில்லை. இன்றுவரை வரி வழக்குகளில் சட்டத்தரணிகள் இந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டுகிறார்கள்.

இதைக் கடைக்காரரின் பக்கமிருந்து பாருங்கள். காரணக் கடிதம் எனக்கு வரவில்லை, அல்லது மதிப்பீடு வந்து பல மாதம் கழித்துத்தான் வந்தது என்று ஒருவர் பத்து வருடம் கழித்துச் சொன்னால் அதை யார் நம்புவது? வந்த ஒரு கடிதத்தைக் காட்டலாம். வராத கடிதத்தை எப்படிக் காட்டுவது? வந்த எல்லாவற்றையும் வரிசை தவறாமல், தொடர் இலக்கம் போட்டு, வந்த அன்றே பதிந்து வைத்த கொப்பி ஒன்று இருந்தால்தான் அந்தச் சொல்லுக்கு எடை வரும். 41ஆம் பதிவு மே மாதம், 42ஆம் பதிவு ஜூன் மாதம், இடையில் வெற்று வரி இல்லை, கிழித்த தாள் இல்லை என்று காட்ட முடிந்தால், அது வெறும் வாய்ச்சொல் ஆகாது. அதனால்தான் தனித்தனித் தாள் வேண்டாம், கட்டிய சீஆர் கொப்பி வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். கம்பியூட்டரில் ஒரு பட்டியல் வைத்தாலும் நல்லதுதான். தேடுவதற்கு அது உதவும். ஆனால் அதில் எந்த வரியையும் எப்போதும் மாற்றலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். பேனையால் எழுதிய கட்டுக்கொப்பிதான் மூலம்.

இனி ஒரு விடயத்தைத் தொடக்கத்திலிருந்து நடத்திப் பார்ப்போம். ஆள் கற்பனை; சட்டமும் கணக்கும் உண்மை. மருதமுனையில் கைத்தறிச் சாரமும் சாரியும் மொத்தமாக விற்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடயம் 2012/13 மதிப்பீட்டு ஆண்டின் வருமான வரி. 2018 ஏப்ரல் 1ஆம் திகதி தொடக்கம் 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய ஆண்டுகளின் பிணக்குகளை 2006ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின்படியே பார்க்க வேண்டும். நீண்டு போன விடயங்கள் பல இந்தப் பழைய சட்டத்துக்குள்தான் கிடக்கின்றன.

மதிப்பீட்டு அறிவித்தலில் போட்டிருந்த திகதி 2015 மே 18. உறையில் தபால் முத்திரை மே 26. கடைக்கு வந்து சேர்ந்தது மே 29, வெள்ளிக்கிழமை. மேன்முறையீடு செய்ய 30 நாள். அந்த 30 நாளை எங்கிருந்து எண்ணுவது? பழைய சட்டம் அறிவித்தலின் திகதியிலிருந்து எண்ணச் சொல்கிறது. ஆகவே கடிதம் கைக்கு வரும்போதே 11 நாள் போய்விட்டது. கடைசி நாள் ஜூன் 17. வந்த நாளிலிருந்து எண்ணியிருந்தால் ஜூன் இறுதிவரை காலம் இருக்கிறது என்று நினைத்து, நோன்பும் தொடங்கிவிட, விடயம் கைநழுவிப் போயிருக்கும். புதிய சட்டத்தில் மேன்முறையீட்டுக்கு முன் நிர்வாக மீளாய்வு என்று ஒரு படி இருக்கிறது. அதைக் கேட்பதற்கும் 30 நாள்தான். எந்தச் சட்டமாக இருந்தாலும் கடிதத்தில் உள்ள திகதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். அது உங்களுக்கு ஒருபோதும் கெடுதல் செய்யாது.

எனவே உள்ளே வரும் ஒவ்வொரு கடிதத்துக்கும் கொப்பியில் மூன்று திகதி எழுத வேண்டும்: கடிதத்தின் திகதி, உறை மீதுள்ள தபால் முத்திரையின் திகதி, கையில் கிடைத்த திகதி. உறையை எறியக் கூடாது. அதைக் கடிதத்தின் பின்னால் வைத்துக் கிளிப் போடுங்கள். ஸ்டேப்ளர் அடித்தால் முத்திரைக்கு மேல் கம்பி விழுந்துவிடும். முத்திரை மங்கலாக இருந்தால் அன்றே போனில் படம் எடுத்து வையுங்கள். அந்த மை ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது.

நம்முடைய வியாபாரி 2015 ஜூன் 12ஆம் திகதி கொழும்புக்குப் போகும் தன் மகன் கையில் மேன்முறையீட்டைக் கொடுத்து, சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தையில் உள்ள தலைமைக் காரியாலயத்தில் ஒப்படைக்கச் செய்தார். இரண்டு பிரதி போனது. ஒன்றை உள்ளே எடுத்தார்கள். மற்றதில் திகதி முத்திரையும் கையொப்பமும் வாங்கி மகன் திருப்பிக் கொண்டுவந்தார். அந்த முத்திரைப் பிரதிதான் பைலின் உயிர். பதிவுத் தபாலில் அனுப்பினால் தபாலகச் சீட்டு இருக்கும். ஆனால் அது அனுப்பிய நாளைத்தான் காட்டும், போய்ச் சேர்ந்த நாளைக் காட்டாது. பதிவுத் தபாலோடு பெற்றுக்கொண்டதற்கான அட்டையும் சேர்த்து அனுப்பினால் அந்தக் குறை தீரும். சீட்டு சின்னதாக இருப்பதால் தொலைந்துவிடும், எழுத்தும் மங்கும். கடிதப் பிரதியின் மேல் மூலையில் சீட்டை ஒட்டி, ஒட்டியபடியே போட்டோ கொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். இனிமேல் அந்தக் கடிதமும் அந்தச் சீட்டும் பிரியாது.

2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் 165ஆம் பிரிவில் ஒரு கடிகாரம் ஓடுகிறது. மேன்முறையீடு கிடைத்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் ஆணையாளர் நாயகம் அதைத் தீர்மானிக்க வேண்டும். தவறினால் மேன்முறையீடு ஏற்றுக்கொள்ளப்பட்டதாகவே கருதப்படும். கிடைத்த நாள் எது என்பதையும் அதே பிரிவு சொல்கிறது. மேன்முறையீடு கிடைத்து 30 நாளுக்குள் திணைக்களம் ஒப்புகைக் கடிதம் அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பினால் அந்த ஒப்புகைக் கடிதத்தின் திகதிதான் கிடைத்த நாள். அனுப்பாவிட்டால் நீங்கள் ஒப்படைத்த நாளே கிடைத்த நாள்.

நம்முடைய வியாபாரியின் தீர்மானக் கடிதத்தில் இருந்த திகதி 2017 ஜூன் 28. இப்போது பைலைத் திறப்போம்.

ஒப்புகைக் கடிதம் வரவே இல்லை என்றால் கடிகாரம் 2015 ஜூன் 12இல் தொடங்கி 2017 ஜூன் 12இல் முடிகிறது. ஜூன் 28 என்று திணைக்களமே திகதி போட்ட தீர்மானம் 16 நாள் பிந்திவிட்டது. 2015 ஜூலை 3 திகதியிட்ட ஒப்புகைக் கடிதம் பைலில் இருந்தால், அது ஒப்படைத்து 21ஆம் நாள். 30 நாளுக்குள் வந்துவிட்டது. கடிகாரம் 2017 ஜூலை 3 வரை ஓடுகிறது. தீர்மானம் ஐந்து நாள் முந்தியே கொடுக்கப்பட்டதாகிறது. அதே ஒப்புகைக் கடிதத்தில் ஜூலை 20 என்று திகதி இருந்தால் அது 38ஆம் நாள். 30 நாள் கடந்து வந்த ஒப்புகையால் கடிகாரத்தைத் தள்ளி வைக்க முடியாது, ஒப்படைத்த நாளையே பார்க்க வேண்டும் என்று உங்கள் சட்டத்தரணி வாதிட இடமுண்டு. ஒரே மேன்முறையீடு, ஒரே தீர்மானம். ஒரு தாளில் உள்ள ஒரு திகதியை வைத்து முடிவு மூன்று விதமாகப் போகிறது.

இன்னொன்றும் பாருங்கள். தீர்மானக் கடிதத்தில் ஜூன் 28 என்று இருந்தாலும் உறையின் முத்திரை 2017 ஜூலை 19. ஒப்புகைக் கடிதம் ஜூலை 3ஆக இருக்கும் நிலையில் தீர்மானத்தின் திகதி காலத்துக்கு உள்ளே விழுகிறது, அனுப்பிய திகதி வெளியே விழுகிறது. இதில் எதைக் கணக்கில் எடுப்பது என்பது சட்டத்தரணிகள் நீதிமன்றத்தில் மோதிக்கொள்ளும் கேள்வி. விடை எந்தப் பக்கம் போகும் என்று நான் வாக்குத் தர மாட்டேன். ஆனால் உறை இல்லாவிட்டால் அந்தக் கேள்வியை எழுப்பவே முடியாது. உறையை வைத்திருந்தவருக்குக் குறைந்தபட்சம் வாதம் ஒன்று மிஞ்சுகிறது.

2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் கடிகாரங்கள் வேறு. அந்தச் சட்டம் வந்தபோது, மீளாய்வுக் கோரிக்கை கொடுத்து 90 நாளாகியும் முடிவு வராவிட்டால் வரி மேன்முறையீட்டு ஆணைக்குழுவுக்குப் போகலாம் என்று எழுதியிருந்தார்கள். அதன் பின் திருத்தங்கள் பல வந்துவிட்டன. உங்கள் ஆண்டுக்கு எந்த விதி என்பதைக் கணக்காளரிடம் கேட்டு, விடையைக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். விதி எதுவானாலும் நாம் கோரிக்கை கொடுத்த நாளை நிரூபிக்க முடிந்தால்தான் அது நமக்குப் பயன்படும்.

மேலே சொன்ன விடயம் கொப்பியில் இப்படித்தான் இருக்கும்:

உள் 17. கடிதத் திகதி 18.05.2015, முத்திரை 26.05.2015, கிடைத்தது 29.05.2015. மதிப்பீட்டு அறிவித்தல், வருமான வரி 2012/13. கடைசி நாள் 17.06.2015.

வெளி 9. 12.06.2015. உள் 17க்கு மேன்முறையீடு. கையால் ஒப்படைத்தது, முத்திரைப் பிரதி பைல் பக்கம் 34.

உள் 18. கடிதத் திகதி 03.07.2015, முத்திரை …, கிடைத்தது …. வெளி 9க்கு ஒப்புகை. பக்கம் 35. இரண்டு வருடம் முடிவது 03.07.2017.

இவ்வளவு போதும். உள்ளே வருவதற்கு ஒரு தொடர், வெளியே போவதற்கு ஒரு தொடர். ஒவ்வொரு பதிவும் எதற்குப் பதில் என்று மற்ற இலக்கத்தைச் சொல்ல வேண்டும். பதில் தேவைப்படும் கடிதமானால் கடைசி நாளைக் கணக்கிட்டு அதே வரியில் சிவப்புப் பேனையால் எழுத வேண்டும். கடிதம் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ வந்தால் அதன் சாரத்தைத் தமிழில் இரண்டு வரி எழுதுங்கள். கடையில் இருக்கிற தம்பியும் வீட்டில் இருக்கிற உம்மாவும் வாசித்து விளங்க வேண்டும். தமிழில் கடிதம் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் நமக்கு உரிமை தந்திருக்கிறது, கேளுங்கள். ஆனால் தமிழ்ப் பிரதி வரும்வரை காத்திருந்து 30 நாளை விட்டுவிடாதீர்கள்.

பைலின் பக்கங்களுக்கு இலக்கம் போடுவது இந்த ஊர்களில் யாருக்கும் புதிதல்ல. கச்சேரியிலோ பிரதேச செயலகத்திலோ வலயக் கல்விக் காரியாலயத்திலோ வேலை செய்கிற ஒருவர் உங்கள் குடும்பத்திலேயே இருப்பார். அங்கே பைலில் விழும் ஒவ்வொரு தாளுக்கும் வலது மேல் மூலையில் போலியோ இலக்கம் போடுவார்கள். யாரும் ஒரு தாளை உருவினால் இலக்கம் காட்டிக் கொடுத்துவிடும். அதே முறையை வீட்டுக்கும் கொண்டு வாருங்கள். பழையது அடியில், புதியது மேலே. ஒவ்வொரு வரிக்கும் ஒவ்வொரு மதிப்பீட்டு ஆண்டுக்கும் தனிப் பைல். வருமான வரியையும் பெறுமதி சேர் வரியையும் ஒரே பைலில் போட்டால் இரண்டும் குழம்பும். ஒரே கடிதம் இரண்டு ஆண்டைப் பற்றிப் பேசினால் மூலம் ஒன்றில், பிரதி மற்றதில். பிரதியின் மேல் மூலம் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு.

பணம் கட்டிய சீட்டுகள் தனிக் கதை. வரி கட்டும்போது எந்த வரி, எந்த ஆண்டு, எத்தனையாம் தவணை என்பதில் ஒன்று பிழைத்தால் பணம் வேறு கணக்கில் போய் உட்கார்ந்துவிடும். அது அன்றே யாருக்கும் தெரியாது. இரண்டு மூன்று வருடம் கழித்து, கட்டிய தவணைக்கே நிலுவை என்று கடிதம் வரும்போதுதான் தெரியும். தவணைகள் ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 என்று வருவதால் ஒரு வருடத்துக்கு நான்கு சீட்டு, செப்டெம்பர் 30க்குள் கட்டும் மீதி இன்னொன்று. ஒவ்வொன்றையும் வெளியே போகும் கடிதத்தைப் போலவே கொப்பியில் பதியுங்கள். நிலுவைக் கடிதம் வந்தால் தொகையைப் பார்த்துப் பதறாமல், அதில் சொல்லப்பட்ட ஆண்டையும் தவணையையும் உங்கள் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தொகை ரூபாய்க்கு ரூபாய் ஒத்துப்போனால் பெரும்பாலும் அது கணக்கு மாறி விழுந்த பணம்தான். அதைத் திருத்தித் தரும்படி எழுத, சீட்டின் பிரதியும் ஒரு பக்கக் கடிதமும் போதும்.

இனி இணையத்துக்கு வருகிறேன். இப்போது விவரத்திரட்டு கொடுப்பது, பணம் கட்டுவது, செய்தி வருவது எல்லாம் பெரும்பாலும் திணைக்களத்தின் இணையச் சேவை வழியாகவே நடக்கிறது. கடிதம் உங்கள் மேசையில் கிடக்கும். இணையத்தில் உள்ள செய்தி அவர்களுடைய மேசையில் கிடக்கிறது. இன்றைக்குத் திரையில் தெரியும் நிலை நாளைக்கு மாறியிருக்கும். நேற்று என்ன காட்டியது என்று நீங்கள் காட்ட முடியாது. ஆகவே விவரத்திரட்டை அனுப்பியதும் வரும் ஒப்புகைப் பக்கத்தையும், உள்ளே வந்த ஒவ்வொரு செய்தியையும், நிலுவை காட்டும் பக்கத்தையும் பார்த்த அன்றே பீடிஎஃப் ஆகச் சேமித்து ஒரு பிரதி அச்செடுங்கள். அச்செடுக்கும்போது பக்கத்தின் விளிம்பில் இணைய முகவரியும் திகதியும் நேரமும் விழும்படி பிரவுசரில் ஒரு தெரிவு உண்டு. அது போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். போனில் எடுக்கும் ஸ்கிரீன் ஷொட்டில் பாதிப் பக்கம்தான் வரும், முகவரி தெரியாது. வேறு வழி இல்லாதபோது மட்டும் அதை எடுங்கள்.

சேமிக்கும் பைலின் பெயரைத் திகதியில் தொடங்கினால் கம்பியூட்டர் தானாகவே வரிசைப்படுத்திவிடும். வருடம், மாதம், நாள் என்ற ஒழுங்கில் எழுத வேண்டும். பிறகு கொப்பியில் உள்ள இலக்கம்:

```
2024-11-28_OUT-031_return-2023-24_ack.pdf
2025-02-06_IN-044_portal-message.pdf
```

இணைய விடயத்தில் நம் ஊர்களுக்கே உரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. 2024இல் 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் வரி இலக்கம் எடுக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தபோது பலர் பக்கத்துக் கொமியுனிகேஷன் கடைக்குப் போய்ப் பதிந்தார்கள். பதிந்து கொடுத்த தம்பி நல்ல எண்ணத்தோடு தன்னுடைய மின்னஞ்சலையோ கடைத் தொலைபேசி இலக்கத்தையோ போட்டிருப்பார். அவ்வாறானால் திணைக்களம் உங்களுக்கு அனுப்பும் அறிவித்தல் அந்தக் கடையில்தான் போய் விழும். கடவுச்சொல்லும் அவரிடமே இருக்கும். சிலருக்குக் கணக்காளரின் மின்னஞ்சல் போடப்பட்டிருக்கும். கணக்காளரை மாற்றியபின்னும் அது மாறியிருக்காது. இந்த மடலை வாசித்து முடித்ததும் முதல் வேலையாக உங்கள் கணக்கில் எந்த மின்னஞ்சல், எந்த போன் இலக்கம், எந்த விலாசம் இருக்கிறது என்று பாருங்கள். மாற்ற வேண்டியிருந்தால் மாற்றி, மாற்றிய திகதியைக் கொப்பியில் எழுதுங்கள். அதன்பிறகு மாதத்தில் ஒரு நாளை ஒதுக்கி உள்ளே போய்ப் பாருங்கள். செய்தி ஒன்றும் இல்லை என்றாலும் "இன்று பார்த்தேன், புதிய செய்தி இல்லை" என்று ஒரு வரி எழுதுங்கள். அந்தத் திகதியில் உங்கள் கணக்கில் எதுவும் வந்திருக்கவில்லை என்பதற்கு அந்த வரியும் அன்று அச்செடுத்த பக்கமும் ஆதாரமாக நிற்கும்.

தொலைபேசிப் பேச்சையும் விட்டுவிடாதீர்கள். உத்தியோகத்தர் ஒருவர் "அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் ஒன்றும் அனுப்ப வேண்டாம்" என்று சொல்லியிருக்கலாம். அவர் மனப்பூர்வமாகவே சொல்லியிருப்பார். அடுத்த வருடம் அவருக்கு இடமாற்றம் வந்துவிடும்; புதிதாக வருபவருக்குப் பைலில் இருப்பதுதான் தெரியும். பேசிய திகதி, நேரம், பேசியவரின் பெயர், பதவி, சொன்னது என்ன என்பதைக் கொப்பியில் எழுதிவிட்டு, அன்றே ஒரு சிறு கடிதம் அனுப்புங்கள்: இன்று இத்தனை மணிக்குத் தங்களோடு பேசியபோது மேலதிக ஆவணம் தேவையில்லை என்று தெரிவித்தீர்கள், அதன்படி நடந்துகொள்கிறேன் என்று நான்கு வரி. அது அவர்களுடைய பைலில் போய் உட்கார்ந்தால்தான் அந்தப் பேச்சு நடந்ததாகும். எழுதிக்கொள்வது ஆளை நம்பாததன் அடையாளம் என்று சிலர் சங்கடப்படுகிறார்கள். குர்ஆனின் ஆக நீண்ட வசனம், சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம், கடனைத் தவணையோடு எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனம்தான். தொகை சிறிதானாலும் எழுதச் சலிப்படைய வேண்டாம் என்பதும் அதிலேயே இருக்கிறது. நம்பிக்கை உள்ளவர்களுக்குத்தான் அந்தக் கட்டளை.

பைலை எங்கே வைப்பது என்பதை மற்ற ஊர்க்காரர்கள் இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. நாம் யோசிக்க வேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி இந்தக் கரையில் உயிர்களையும் வீடுகளையும் கொண்டுபோன கடல், பெட்டி பெட்டியாகக் கணக்குப் புத்தகங்களையும் கொண்டுபோனது. வருமானம் என்ன, கடன் என்ன, கட்டிய வரி என்ன என்று காட்ட ஒரு தாளும் இல்லாமல் நின்றவர்களை நான் அறிவேன். விவரத்திரட்டுக்குக் கடைசி நாளான நவம்பர் 30 நமக்கு வாடைக்காற்று மழைக்காலத்தின் நடுவில் வருகிறது. 2024 நவம்பர் இறுதி வெள்ளத்தில் அம்பாறை மாவட்டத்தில் பாதைகள் மூடுண்டு கிடந்ததை எல்லோரும் பார்த்தோம். மூலப் பைல் கடையிலோ வீட்டிலோ, நிலத்திலிருந்து நெஞ்சளவு உயரத்தில், பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கட்டும். முத்திரைப் பிரதிகள், ஒப்புகைகள், உறைகள், கொப்பியின் பக்கங்கள் ஆகியவற்றை ஸ்கேன் செய்து ஒரு மின்னஞ்சல் கணக்கில் ஏற்றுங்கள். போட்டோ கொப்பித் தொகுதி ஒன்றைக் கடலோரத்தில் இல்லாத உறவினர் வீட்டில், சம்மாந்துறையிலோ கண்டியிலோ, கொடுத்து வையுங்கள். ஒரே தெருவில் உள்ள இரண்டு வீட்டில் வைத்தால் அது இரண்டு இடம் ஆகாது.

எத்தனை வருடம் வைத்திருப்பது என்று கேட்பீர்கள். ஐந்து வருடம் என்று பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பிணக்கு ஒன்றும் இல்லாத ஆண்டுக்கு அது சரி. மேன்முறையீடு, மீளாய்வு, வழக்கு என்று ஏதாவது நடக்கும் ஆண்டுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. கடைசித் தீர்ப்பும் வந்து, பணமும் தீர்ந்து, நிலுவை இல்லை என்ற எழுத்தும் கையில் கிடைக்கும்வரை ஒரு தாளையும் அகற்றக் கூடாது. ஆணைக்குழு, அதன் பிறகு மேன்முறையீட்டு நீதிமன்றம், அதற்கு மேல் உயர் நீதிமன்றம் என்று போனால் பத்து வருடத்தைத் தாண்டுவது இயல்பு. இதற்கிடையில் வாப்பா மௌத்தாகி, பிள்ளைகள் கையில் விடயம் வந்து சேர்ந்த குடும்பங்கள் நம் ஊர்களில் இருக்கின்றன. நோட்டீஸ் பிள்ளைகளின் விலாசத்துக்கு வரத் தொடங்குகிறது. வாப்பாவின் கணக்காளர் எங்கே இருக்கிறார் என்றும் தெரியாது. கொப்பியின் முதல் பக்கத்தில் வரி இலக்கம், எந்தெந்த ஆண்டு பிணக்கில் இருக்கிறது, அது இப்போது எந்தப் படியில் நிற்கிறது, கணக்காளரும் சட்டத்தரணியும் யார், அடுத்த முக்கிய திகதி எது என்பதைப் பென்சிலால் எழுதி வையுங்கள். மாறும்போது அழித்து எழுதலாம். அந்த ஒரு பக்கம் மட்டும் பென்சில், மற்றதெல்லாம் பேனை.

எல்லாம் சரி, எங்கள் விடயம் ஏற்கெனவே ஏழெட்டு வருடமாக ஓடுகிறது, தாள்கள் பாதி இல்லை, இனி என்ன செய்வது என்று கேட்பவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு ஒரு வழி உண்டு. முதலில் இருப்பதையெல்லாம் கடிதத் திகதிப்படி ஒரு பாயில் பரப்பி அடுக்கி, அந்த ஒழுங்கிலேயே கொப்பியில் ஏற்றுங்கள். கிடைத்த திகதி நினைவில் இல்லாவிட்டால் ஊகித்து எழுதாதீர்கள். "தெரியாது" என்றே எழுதுங்கள். பின்னால் ஏற்றிய பதிவு என்பதையும், ஏற்றிய நாளையும் தலைப்பில் எழுதிக் கையொப்பமிடுங்கள். பழைய பதிவைப் புதிய மையில் எழுதிவிட்டு அன்றே எழுதியதாகக் காட்டினால், உண்மையான பதிவுகளும் சேர்ந்து மதிப்பிழந்துவிடும்.

அடுக்கி முடித்ததும் இடைவெளிகள் தெரியும். ஒரு கடிதத்தில் "எமது இன்ன திகதிய கடிதத்துக்கு மேலதிகமாக" என்று இருக்கும், அந்த முந்திய கடிதம் உங்களிடம் இருக்காது. அப்படி இல்லாத ஒவ்வொன்றையும் தனித் தாளில் பட்டியலிடுங்கள். பிறகு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், திணைக்களத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு எழுதுங்கள். வரி இலக்கம், ஆண்டு, வேண்டிய கடிதங்களின் திகதி, மேன்முறையீடு பதியப்பட்ட நாள், ஒப்புகை அனுப்பிய நாள், தீர்மானம் தபாலில் சேர்த்த நாள், உங்கள் பெயரில் வரவு வைக்கப்பட்ட கொடுப்பனவுகளின் விபரம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். பைல் முழுவதையும் தாருங்கள் என்று மொட்டையாகக் கேட்டால் மொட்டையாகத்தான் பதில் வரும். தகவலைத் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலை நாளுக்குள் எடுக்க வேண்டும் என்பது சட்டம். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடமும், அதன்பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையிடலாம்.

அந்த விண்ணப்பத்தையும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரை வாங்கி, வெளியே போகும் தொடரில் அடுத்த இலக்கம் போட்டுப் பதியுங்கள். அதே வரியில் 14ஆவது வேலை நாள் எந்தத் திகதியில் விழுகிறது என்று போயாவையும் பெருநாள் விடுமுறைகளையும் கழித்து எண்ணி, சிவப்பில் எழுதுங்கள்.